வலையை வீசும் கை எந்தச் சொல்லில் விரிய வேண்டும்?

மழலையர் வகுப்புக்கான அபிநயப் பாட்டு ஒன்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது, பெரும்பாலோர் சொற்களை முதலில் மாற்றிவிட்டு, கையசைவுகளைப் பிறகு ஒட்டவைக்கிறார்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதில் உறுதியான கருத்து உண்டு. கையசைவை முதலில் அதன் இடத்தில் நிறுத்தி, அந்த இடத்துக்கு எந்த ஆங்கிலச் சொல் வந்து சேரும் என்று தேடுவதுதான் சரியான முறை. ஆங்கிலம் இன்னும் புரியாத நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தச் சொல்லின் பொருளைத் தெரிவிப்பது கை ஒன்றுதான். கை எந்தச் சொல்லோடு சேர்ந்து அசைகிறதோ, அதுவே அந்தச் சொல்லின் பொருள் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். கை தவறான சொல்லில் விழுந்தால் குழந்தை தவறான பொருளைக் கற்கிறது. ஆனால் பாட்டு அழகாக நடப்பதால் அந்தத் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை.

இதை ஒரே ஒரு பாட்டை வைத்து முழுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் வகுப்புக்காகவே எழுதிக்கொண்ட பாட்டு இது. உப்பனாற்றங்கரையிலும் தேவனாம்பட்டினத்திலும் இருந்து வரும் பிள்ளைகளுக்கு வலையும் கூடையும் வீட்டுப் பொருள்கள் என்பதால், மீன்பிடிப்பதையே பொருளாக வைத்தோம்.

வலையை எடுத்து வீசு வீசு
அலையின் மேலே ஆடு ஆடு
கயிற்றைச் சேர்த்து இழு இழு
வயிறு வெளுத்த மீனு மீனு
துள்ளித் துள்ளிக் குதி குதி
அள்ளிக் கூடையில் போடு போடு

ஒவ்வொரு வரிக்கும் நான்கு தட்டு. முதல் இரண்டு தட்டில் ஒரு முன்னேற்பாடு நடக்கிறது. கடைசி இரண்டு தட்டில் செயல் நடக்கிறது. 'வலையை எடுத்து' என்னும்போது குழந்தை இரண்டு கையையும் இடது தோள் பக்கமாகக் கூட்டிக்கொண்டு வருகிறது. 'வீசு' என்னும்போது இடுப்பைத் திருப்பிக் கையை விரித்து வீசுகிறது. 'அள்ளிக் கூடையில்' என்னும்போது குனிந்து அள்ளுகிறது. 'போடு' என்னும்போது கையைத் திறந்து கொட்டுகிறது. தமிழ் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி என்பதால் இந்த வசதி நமக்குத் தானாகவே கிடைக்கிறது. எடுத்து, சேர்த்து, அள்ளி என்று வினையெச்சம் முன்னால் வந்து உடம்பைத் தயார்ப்படுத்துகிறது. முற்றுவினை வந்ததும் கை பாய்கிறது. பாட்டு எழுதுகிறவர் இதை எண்ணிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, மொழியே செய்து கொடுத்துவிடும்.

கையசைவை ஆராய்ந்த ஆடம் கெண்டன் என்பவர், ஓர் அசைவை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். கை தன் இடத்தை விட்டுக் கிளம்பித் தயாராவது முதல் கட்டம். பொருளைத் தாங்கிய அந்த வீச்சு இரண்டாவது. கை பழைய நிலைக்குத் திரும்புவது மூன்றாவது. டேவிட் மெக்நீல் 1992 இல் வெளியிட்ட தம் ஆய்வில், மனிதர்கள் இயல்பாகப் பேசும்போது அந்த நடுக்கட்டம், அதாவது வீச்சு, தொடர்புடைய சொல்லின் அழுத்தமான அசைக்குச் சற்று முன்போ அதோடு சேர்ந்தோ வருமே தவிர அதற்குப் பின்னால் வருவதில்லை என்று எழுதினார். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு எனக்கு வகுப்பில் நடப்பது தெளிவாகப் புரிந்தது. சொல் வாயிலிருந்து வரும்போது கை தயாராக இருக்க வேண்டுமென்றால், அந்தச் சொல்லுக்கு முன்னால் கை கிளம்புவதற்கு இடம் இருக்க வேண்டும். தமிழ் வரியில் இரண்டு தட்டு இடம் இருக்கிறது. ஆங்கில ஏவல் வாக்கியம் வினையை முதலிலேயே வைப்பதால், அந்த இடம் ஒரே நொடியில் காணாமல் போகிறது.

எங்கள் பள்ளியில் முதலில் புழங்கிய ஆங்கில வடிவம், யார் எழுதினாலும் முதலில் வந்து விழக்கூடிய வடிவம்தான்: 'த்ரோ, த்ரோ, த்ரோ த நெட், புல், புல், புல் த ரோப்.' வாக்கியத்தில் எந்தப் பிழையும் இல்லை. மெட்டிலும் உட்கார்ந்தது. ஆனால் பிள்ளைகளின் கையைப் பார்த்தால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 'த்ரோ' என்ற சொல் வரியின் வாசலிலேயே நிற்கிறது. குழந்தையின் கை அப்போதுதான் முந்தைய வரியின் வேலையை முடித்துக் கீழே வந்துகொண்டிருக்கிறது. அது மேலே போய்த் தோளைத் தொட்டுத் திரும்பி விரியும்போது பாட்டு 'நெட்' என்ற சொல்லுக்கு வந்துவிடுகிறது. இப்படிச் சில நாள் பாடிய பிறகு மெட்டில்லாமல், தனியாக, 'நெட்' என்று சொல்லிப் பார்த்தால் பல பிள்ளைகள் கையை வீசினார்கள். 'த்ரோ' என்று சொன்னால் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கவனக் குறைவானவர்கள் அல்லர். நாங்கள் காட்டிய இடத்தைத்தான் மிகச் சரியாகப் படித்திருந்தார்கள்.

ஆகவே, வீச்சு கடைசி இரண்டு தட்டில்தான் விழ வேண்டும் என்பதை மாற்ற முடியாத நிபந்தனையாக வைத்துக்கொண்டு ஆங்கில வரியைத் தேடத் தொடங்கினோம். தமிழின் வினையெச்சம் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எது செய்யும் என்பதுதான் கேள்வி. விடை மிக எளிமையானது. இரண்டு ஏவலை 'அண்ட்' என்ற இணைப்புச் சொல்லால் கோத்தால், முதல் ஏவல் தயாரிப்பாகவும் இரண்டாவது ஏவல் வீச்சாகவும் அமைந்துவிடுகிறது. 'டேக் த நெட் அண்ட் த்ரோ' என்றால் 'வலையை எடுத்து வீசு' என்பதன் உடல் அசைவு அப்படியே கிடைக்கிறது: எடுப்பதற்கு இரண்டு தட்டு, வீசுவதற்கு மீதி.

அந்த மீதி இரண்டு தட்டை எப்படி நிரப்புவது என்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகளின் வழக்கத்தைப் பார்த்து 'த்ரோ, த்ரோ, த்ரோ' என்று மூன்று முறை அடுக்குவதுதான் கைக்கு முதலில் வரும். பாடிப் பார்த்தால் அதில் கை திரும்புவதற்கு இடமே இல்லை. தமிழில் 'வீசு' என்பது இரண்டு அசை. 'வீ' என்னும்போது கை விரிகிறது, 'சு' என்னும்போது திரும்புகிறது. ஆங்கிலத்தின் 'த்ரோ' ஒற்றை அசை. அதை இடைவெளி இல்லாமல் மூன்று முறை சொன்னால் கெண்டன் சொன்ன மூன்றாவது கட்டம் நடக்காமலே அடுத்த வீச்சு வந்துவிடும். பிள்ளைகளின் கை விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்தால், வரியில் அசை போதவில்லை என்று பொருள். நடுவில் மறுபடியும் ஓர் 'அண்ட்' போட்டு 'த்ரோ அண்ட் த்ரோ' என்று ஆக்கியதும் கை அந்த 'அண்ட்' மீது திரும்பிவந்து அடுத்ததற்குத் தயாரானது.

இப்படி ஒவ்வொரு வரியாகத் தேடி, நாங்கள் இப்போது பாடுகிற வடிவம் இது:

டேக் த நெட் அண்ட் த்ரோ அண்ட் த்ரோ
ஆன் த வேவ்ஸ் கோ டூ அண்ட் ஃப்ரோ
ஹோல்ட் த ரோப் அண்ட் புல் அண்ட் புல்
சில்வர் ஃபிஷ், த நெட் இஸ் ஃபுல்
சீ த ஃபிஷ் ஆல் ஹாப் அண்ட் ஹாப்
ஸ்கூப் தெம் அப் அண்ட் டிராப் அண்ட் டிராப்

எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் ஏழு அசைகள் இருக்கும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய இடங்களில் அழுத்தம் விழுகிறது. அவையே நான்கு தட்டு. இரண்டு, நான்கு, ஆறு ஆகிய இடங்களில் பெரும்பாலும் 'த', 'அண்ட்', 'தெம்' போன்ற இலேசான சொற்களே நிற்கின்றன. ஆங்கிலத்தின் ஓட்டம் அழுத்தத்தை நம்பியிருப்பது. நாம் தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசைக்கும் சமமான இடம் கொடுத்து 'டேக்-த-நெட்-அண்ட்' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால், கைக்குத் தட்டு எங்கே என்பது தெரியாது. ஆசிரியர் முதலில் வார்த்தையே இல்லாமல் தொடையில் நான்கு தட்டு தட்டி, அழுத்தமான நான்கு சொல்லை மட்டும் உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டால், இலேசான சொற்கள் தாமாகவே நடுவில் ஒதுங்கிக்கொள்ளும்.

இரண்டாவது வரிதான் எங்களை மிகவும் அலைக்கழித்தது. தமிழில் 'ஆடு' என்ற ஒரே சொல் அசைவின் முழுப் படத்தையும் தாங்குகிறது. முதல் வரி 'த்ரோ' என்று முடிவதால் அதற்கு இயைபாக 'கோ' என்று முடிக்கலாம் என்று தோன்றியது: 'டூ அண்ட் ஃப்ரோ வீ கோ, வீ கோ.' இயைபு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அசைந்தாடும் பொருள் 'டூ அண்ட் ஃப்ரோ'வில் இருக்கிறது. அது வரியின் தலைப்பில் போய் நின்றுவிட்டது. வலையை வீசிய கை இறங்குவதற்குள் உடம்பு சாயத் தொடங்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக, சாய்ந்தாடும் அசைவு 'கோ' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. நாளைக்கு அந்தக் குழந்தையிடம் வேறு எங்காவது 'கோ' என்றால் அது நின்ற இடத்தில் சாய்ந்தாடக்கூடும். இயைபைக் காப்பாற்றி அசைவை விடுவதா, அசைவைக் காப்பாற்றி இயைபை விடுவதா என்று வந்தால், நான் தயங்காமல் இயைபை விட்டுவிடுவேன். இங்கே அந்த நிலை வரவில்லை. 'ஆன் த வேவ்ஸ்' என்பதை முன்னே கொண்டுவந்ததும், 'டூ' மூன்றாவது தட்டிலும் 'ஃப்ரோ' நான்காவது தட்டிலும் போய் அமர்ந்தன. முதல் இரண்டு தட்டில் குழந்தை காலை அகட்டிக் கையை நீட்டிக்கொள்கிறது. 'டூ' என்றால் ஒரு பக்கம், 'ஃப்ரோ' என்றால் மறு பக்கம். இங்கே ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு எதிரே நிற்பவர் அவர்களுக்குக் கண்ணாடிபோல நடந்துகொள்ள வேண்டும். அவர்கள் வலப்பக்கம் சாய வேண்டுமென்றால் ஆசிரியர் தம் இடப்பக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் பாதி வகுப்பு ஒரு பக்கமும் பாதி வகுப்பு எதிர்ப் பக்கமும் சாய்ந்து, பெஞ்சு இல்லாத தரையில் தலையோடு தலை மோதும்.

மூன்றாவது வரியில் சிக்கல் வேறு மாதிரி. தமிழில் 'இழு' என்பதைப் பிள்ளைகள் யாரும் குறிலாகப் பாடுவதில்லை. பாரமான வலையை இழுப்பதாகப் பாவனை செய்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, 'இழூ... இழூ...' என்று நீட்டுவார்கள். நீட்டல்தான் அந்தச் செயலின் உயிர். அதே நீட்டலை 'புல்' என்ற ஆங்கிலச் சொல்லின் உயிரெழுத்துக்குக் கொண்டுபோனால், அது நீச்சல் குளத்தைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும். இயைபாக நிற்கிற 'ஃபுல்' என்பதை நீட்டினால் முட்டாள் என்று பொருள்படும். பாரத்தையும் காட்ட வேண்டும், உயிரெழுத்தையும் குறுக்கமாக வைக்க வேண்டும் என்றால், நீட்டலைக் கடைசி மெய்யெழுத்துக்கு மாற்ற வேண்டும்: 'புல்ல்ல்.' நாக்கு நுனி மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டியபடி நிற்க, குரல் தொடர, கை பின்னால் வந்துகொண்டே இருக்கும். கை நின்றதும் நாக்கு விடுபடும். இதை ஒரு விதியாகச் சொல்லிக்கொடுத்தால் நான்கு வயதுக்குப் புரியாது. ஆனால் ஆசிரியர் தம் கையின் ஓட்டத்தோடு அந்த மெய்யொலியைப் பிடித்து நிறுத்திக் காட்டினால் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

அந்த இழுப்பின் வடிவத்தையும் ஒரு முறை திருத்தினோம். கயிறிழுக்கும் போட்டியில் இழுப்பதுபோல் இரண்டு முட்டியையும் சேர்த்துப் பிடித்து இழுப்பதாகத்தான் பாட்டு முதலில் இருந்தது. வகுப்பில் உதவியாக இருக்கும் ஆயாம்மா மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் ஒரு நாள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், வீச்சுவல கயிற இப்படி இழுக்க மாட்டாங்க. ஒரு கை மாத்தி ஒரு கை வாங்கணும். வெடுக்குனு இழுத்தா மீனு அடிவழியா ஓடிடும்" என்றார். பிறகு வகுப்பின் நடுவில் நின்று செய்து காட்டினார். வீச்சுவலையின் ஓரம் முழுக்க ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். வலையின் ஒரு பகுதியை இடது முழங்கையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு, இடுப்பைச் சுழற்றி விட்டால்தான் அது வட்டமாக விரிந்து விழும். நேராக முன்னால் எறிந்தால் குவியலாகத்தான் விழும். குண்டுகள் தரையில் படிந்த பிறகு, மணிக்கட்டில் சுற்றிய கயிற்றைக் கை மாற்றி மாற்றி மெதுவாக வாங்கினால், குண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி வலையின் வாய் மூடிக்கொள்ளும். அவர் காட்டிய அசைவு பாட்டுக்கு இன்னொரு வகையிலும் பொருந்தியது. 'புல் அண்ட் புல்' என்பதில் முதல் 'புல்' வலது கைக்கு, 'அண்ட்' இடது கை எட்டிப் பிடிப்பதற்கு, இரண்டாவது 'புல்' இடது கைக்கு. கை மாற்றி வாங்குவது மூன்றரை வயதில் இருக்கும் சிலருக்கு இன்னும் வசப்படாது. அவர்கள் இரண்டு முட்டியும் சேர்த்தே இழுக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். சொல்லும் கையும் ஒரே நேரத்தில் வருகின்றனவா என்பதைத்தான் பார்க்கிறேன். அசைவின் நேர்த்தி பின்னால் வரும்.

நான்காவது வரியில் மூலத்தை நாங்கள் காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் முயலவில்லை. மீனுக்கு வயிறு வெளுத்ததே கயிற்றுக்கு எதுகையாக அமைய வேண்டும் என்பதற்காகத்தான். தமிழ்ப் பாட்டில் வலை-அலை, கயிறு-வயிறு, துள்ளி-அள்ளி என்று எதுகை வரியின் தலையில் நின்று, அடுத்த வரியைத் தொடங்கக் குழந்தைக்குக் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் ஒலி ஒற்றுமை வரியின் கடைசியில் நிற்கும். ஆகவே அங்கே வெள்ளை வயிற்றை விடாப்பிடியாகக் கொண்டுபோவதில் பயன் இல்லை. அந்த இடத்துக்கு 'புல்' என்பதோடு ஒலிக்கிற 'ஃபுல்' வந்தது. இரண்டு கையையும் வட்டமாக வளைத்து வலை நிறைந்ததைக் காட்டும் அசைவு அதற்குக் கிடைத்தது. தமிழில் 'மீனு மீனு' என்னும்போது கைகளைக் கூப்பி நெளித்துக் காட்டிய மீன் அசைவு இங்கே இடமிழந்தது. அதை ஐந்தாவது வரிக்கு நகர்த்தினோம். 'சீ த ஃபிஷ்' என்பதில் இரண்டாவது தட்டில் 'ஃபிஷ்' வருகிறது. அங்கே கைகள் கூடி மீனாகின்றன. அதுவே அடுத்து வரும் 'ஹாப்' என்ற வீச்சுக்குத் தயாரிப்பாகவும் ஆகிவிடுகிறது.

'ஹாப்' என்ற சொல்லில் பிள்ளைகளைக் குதிக்க வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு குழந்தையை 'ஹாப்' செய்யச் சொன்னால் ஒற்றைக் காலில் தாவுவது என்று பொருள். ஒற்றைக் காலில் தாவுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் கைவரும், எல்.கே.ஜி.யில் பாதிப் பேருக்கு அது வராது. இரண்டு காலால் குதிக்கவைத்து அதை 'ஹாப்' என்று சொல்லிக்கொடுத்தால், அடுத்த ஆண்டு விளையாட்டு வகுப்பில் அந்தச் சொல் அவர்களைக் குழப்பும். ஆகவே காலை விட்டுவிட்டு, கூப்பிய கை மீனாக மேலே எகிறி விழுகிறது. குதிப்பது மீன்தான் என்பதும் அப்போது தெளிவாகத் தெரிகிறது.

கடைசி இரண்டு வரிகளும் 'ப்' என்ற ஒலியில் முடிகின்றன. தமிழ் நாக்குக்கு வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது வழக்கமில்லை என்பதால் 'ஹாப்பு', 'டிராப்பு', 'நெட்டு' என்று ஓர் உகரத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வோம். பிள்ளைகள் மட்டுமல்ல, நாமும்தான். இதில் உச்சரிப்பைத் தாண்டி ஒரு தாளக் கேடும் உண்டு. ஏழு அசை எட்டாகவும் ஒன்பதாகவும் பெருகி, 'அண்ட்' நிற்க வேண்டிய இடத்தை அந்த உகரம் பிடித்துக்கொள்ளும். கை திரும்புவதற்கான நேரம் போய்விடும். இதை வாயால் திருத்துவதைவிடக் கையால் திருத்துவது எளிது. 'ஹா' என்னும்போது மீன் எகிறுகிறது. 'ப்' என்னும்போது கூப்பிய கை வயிற்றுக்கு நேரே வந்து அப்படியே உறைந்து நிற்க வேண்டும். 'டிராப்' என்பதில் விரல்கள் திறந்து, 'ப்' என்னும்போது உதடும் கையும் ஒன்றாக நிற்கின்றன. கை நின்றுவிட்டால் குரலும் நின்றுவிடுகிறது. உகரம் நீள்வதற்குச் சந்தர்ப்பம் இல்லை. 'நெட்டு' மட்டும் நடுவரியில் வருவதால் அவ்வளவு எளிதில் போகாது. அதற்கு நான் பெரிதாக முயல்வதுமில்லை.

மூலத்தில் இருந்த கூடையும் ஆங்கில வரியில் இல்லை. 'ஸ்கூப் தெம் அப்' என்பதில் குனிந்து அள்ளுவதற்கு இரண்டு தட்டு கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தச் சொல்லை விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக வட்டத்தின் நடுவில் ஓர் உண்மையான பனையோலைக் கூடையை வைத்துவிடுகிறோம். பிள்ளைகள் எங்கே கொட்டுகிறார்கள் என்பது சொல்லாமலே விளங்குகிறது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஓர் அசைவு வைக்க வேண்டும் என்ற ஆசை, புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு எப்போதும் இருக்கிறது: வலைக்கு விரல்களைக் கோப்பது, அலைக்குக் கையை நெளிப்பது, கயிற்றுக்கு ஒன்று, கூடைக்கு ஒன்று. ஒரு வரிக்கு ஒரு தயாரிப்பு, ஒரு வீச்சு. அதற்கு மேல் அந்த வயதுக் கைகள் தாங்காது. தாங்குவதாகத் தெரிந்தால், பிள்ளைகள் பாடுவதை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பின்தொடர்கிறார்கள் என்று வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது, கை வரும் நேரத்தை. ஆசிரியரைப் பார்த்துச் செய்கிற குழந்தையின் கை, சொல்லுக்கு ஒரு நொடி பின்னால் வரும். சொல்லைத் தெரிந்துகொண்ட குழந்தையின் கை, சொல்லோடோ அதற்கு முன்னாலோ கிளம்பிவிடும். ஆகவே சில நாள் பாடிய பிறகு என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடுவேன். அதிலும் சரியாக வந்தால், வரிகளின் வரிசையை மாற்றிப் பாடுவேன். பாட்டின் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை, 'ஹோல்ட் த ரோப்' என்று தொடங்கினாலும் முதல் வரியின் அசைவையே செய்யும். கடைசியாக, மெட்டே இல்லாமல், பேசும் குரலில் 'டிராப்' என்றும் 'புல்' என்றும் நடுநடுவே சொல்லிப் பார்ப்பேன். கற்பவர் முதலில் கேட்டு உடலால் செய்யட்டும், பேச்சு பிறகு வரட்டும் என்று 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த மொழிகற்பித்தல் முறையும் இதே சோதனையைத்தான் பாடமாக ஆக்கியது. அவர் கட்டளைகளைப் புதிய வரிசைகளில் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம், வரிசையை மனப்பாடம் செய்வதைத் தடுப்பதுதான்.

'டூ அண்ட் ஃப்ரோ' மட்டும் இந்தச் சோதனையில் தனியாக நிற்காது. 'டூ' என்று தனியே சொன்னால் பிள்ளைகள் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், அதுவும் சரிதான். அந்தத் தொடரை முழுதாகச் சொன்னால் மட்டும் அசைந்தாடினால் போதும் என்று வைத்துக்கொள்கிறோம்.

இந்த முறை எல்லாப் பாட்டுக்கும் தேவைப்படாது. கையை முழுப் பாட்டிலும் ஒரே சீராக வீசிக்கொண்டோ, மடியில் சாய்ந்தாடிக்கொண்டோ பாடும் பாட்டுகளில் அசைவு தாளத்தோடு மட்டுமே சேர்கிறது. எந்தத் தனிச் சொல்லோடும் சேர்வதில்லை. அவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் கை கெடாது. ஆனால் அவற்றிலிருந்து குழந்தை வினைச்சொற்களைக் கற்கும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. விரல்களைத் தனித்தனியாக மடக்கி நீட்டும் பாட்டுகள் இன்னொரு வகை. மோதிர விரலைத் தனியே நிமிர்த்த முடியாத வயதில், தமிழிலேயே அவை தடுமாறுகின்றன; அவற்றை யு.கே.ஜி.க்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம். இப்போது எங்கள் மேசையில் இருப்பது, 'ஏறி', 'இறங்கி' என்று வினையெச்சத்தை மட்டுமே அடுக்கிக்கொண்டு போய் ஒரே ஒரு வினையில் முடியும் ஒரு மரமேறும் பாட்டு. அதில் தயாரிப்பு நீளமாகவும் வீச்சு ஒன்றாகவும் இருப்பதால், 'அண்ட்' என்ற இணைப்பு அதற்குப் போதவில்லை. ஏறுவதை ஒரு வரியும் இறங்குவதை இன்னொரு வரியுமாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.